அம்மாவின் ‘பிரஷர்’, ‘சுகர்’: ஜப்பானிய உதவியாளருக்கு எப்படி எழுதிக் கொடுப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. மதுரையிலிருந்து வந்து, தோக்கியோ நிஷிகசாயில் எங்களோடு மூன்று மாதம் தங்கியிருக்கிறார். பிரஷரும் சுகரும் உண்டு. நானும் கணவரும் வேலைக்குப் போவதால், வாரத்தில் மூன்று நாள் காலை 10 முதல் 4 மணி வரை ஒரு ஜப்பானிய உதவியாளர் அம்மா வந்து துணைக்கு இருக்கிறார். எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் “ஹஹா வா புரெஷ்ஷா, ஷுகா அரிமாஸ்” என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை வரும்போது காபியில் போடும் சர்க்கரைப் பொட்டலங்கள் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார்! ஃபோனில் தெளிவாக டைப் செய்து அவருக்கு அனுப்ப வேண்டும். அம்மாவின் மாத்திரைச் சீட்டில் 1-0-1 என்று இருக்கிறது. பிரஷர், சுகர், மயக்கம் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

பதில்: அந்த உதவியாளர் தவறாக எதுவும் செய்யவில்லை. அவர் காதில் விழுந்ததை அப்படியே செய்திருக்கிறார். ‘ஷுகா’ என்றால் ஜப்பானியருக்குக் காபிக்கடையில் நீளமான காகிதக் குழாயில் வரும் சர்க்கரைதான். ‘புரெஷ்ஷா’ என்றால் மனதை அழுத்தும் பாரம். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைக்கு வருவது, மேலதிகாரி கொடுப்பது. நீங்கள் சொன்னது அவருக்கு “எங்கம்மா மனசு அழுத்தத்தில் இருக்கிறார், சர்க்கரை இருக்கிறது” என்கிற மாதிரி கேட்டிருக்கும். புது ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு இனிப்பாக ஏதாவது கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை.

தமிழ், ஜப்பானிய மொழிபெயர்ப்பில் நான் அடிக்கடி பார்க்கிற சிக்கல் இது. இரண்டு மொழிகளும் வாக்கியத்தை அடுக்கும் விதத்தில் அவ்வளவு ஒத்துப்போகின்றன. ‘அம்மாவுக்குச் சுகர் இருக்கு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘ஹஹா நி வா ஷுகா கா அரிமாஸ்’ என்று இலக்கணம் பிசகாமல் வந்துவிடும். எதுவும் இடறாததால் பொருள் மாறிப் போனது நமக்குத் தெரிவதில்லை. போதாததற்கு இரு பக்கமும் ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வாங்கிய பொருள் வேறு. உங்கள் அம்மா “டென்ஷனா இருக்கு” என்றால் கவலை. ஜப்பானியத்தில் ‘டென்ஷன்’ கூடினால் உற்சாகம். அதனால் வீட்டில் சொல்கிற ஆங்கிலச் சொற்களை முதலில் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்து, ‘சுகர்’ என்ற ஒரே சொல்லை நாம் எத்தனை வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். “சுகர் இருக்கு” என்றால் நோய். “சுகர் 180 இருந்துச்சு” என்றால் மீட்டர் காட்டிய எண். “சுகர் கம்மியா போடு” என்றால் டப்பாவில் இருக்கும் பொருள். ஜப்பானியத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று தனிச் சொற்கள். நோய்க்கு ‘தோன்யோபியோ’. எண்ணுக்கு ‘கெத்தோச்சி’, அதாவது ரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவு. டப்பாவில் இருப்பது ‘சாத்தோ’. எழுத உட்காரும்போது ஒவ்வொரு ‘சுகர்’ வரும் இடத்திலும் நின்று, நோயைச் சொல்கிறேனா, எண்ணைச் சொல்கிறேனா, பொருளைச் சொல்கிறேனா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

‘தோன்யோபியோ’ என்பதில் உள்ள மூன்று எழுத்துகள் சர்க்கரை, சிறுநீர், நோய். நம் ‘நீரிழிவு’ம் சிறுநீரைப் பார்த்து வந்த பெயர்தானே. இந்தப் பெயர் நோயாளிகளைக் கூச வைக்கிறது என்று சொல்லி, அங்குள்ள நீரிழிவு அமைப்புகள் 2023-ல் ‘தயாபெதிசு’ என்ற மாற்றுப் பெயரை முன்வைத்தன. ஆனால் வீட்டுக் குறிப்புக்குப் பழைய பெயரே போதும். எல்லோருக்கும் உடனே புரிவது அதுதான்.

பிரஷரிலும் இதே கதைதான். ‘கெட்சுஅட்சு’ என்பது ரத்த அழுத்தம். அது எல்லோருக்கும் இருக்கிறது. “கெட்சுஅட்சு இருக்கிறது” என்று எழுதினால் “அம்மாவுக்கு உடல் வெப்பநிலை இருக்கிறது” என்பதுபோல ஒன்றும் சொல்லாத வாக்கியமாகிவிடும். நோயைச் சொல்ல ‘கோகெட்சுஅட்சுஷோ’ என்று எழுத வேண்டும். ‘கோ’ என்றால் உயர்ந்த, ‘ஷோ’ என்றால் நோய்நிலை. ‘ரத்தக் கொதிப்பு’ என்ற நம் சொல்லில் இருக்கும் கொதிப்பை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம். எண்ணை எழுதும்போது அவர்கள் ‘உவே’, ‘ஷித்தா’ என்பார்கள். மேலே, கீழே என்றே பொருள். 138/84 என்றால் ‘உவே 138, ஷித்தா 84’. இது மட்டும் நமக்குப் பழக்கமான பேச்சாகவே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லோ பிபிக்கு ‘தேய்கெட்சுஅட்சு’. லோ சுகருக்கு ‘தேய்கெத்தோ’. எழுதினால் மூன்று எழுத்தில் முதல் இரண்டும் ஒன்றே, கடைசி ஒன்றுதான் வேறு. காதிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழும். வேலை நேரத்தில் அவர் பதறிப்போய் உங்களுக்கு ஃபோன் செய்து “தேய்கெ...” என்று தொடங்கினால், நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று ஊகிக்காதீர்கள். “கெட்சுஅட்சு தெஸ் கா, கெத்தோச்சி தெஸ் கா?” என்று கேட்டு, எண்ணையும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு எண் சொன்னால் அது பிரஷர். ஒற்றை எண் என்றால் சுகர்.

எண்களைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம். இந்தியாவிலும் ஜப்பானிலும் சுகர் மீட்டரில் ஒரே அலகு, திரையில் mg/dL என்று வரும். அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை அப்படியே காட்டலாம். (சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பெற்றோரை அழைத்து வருபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்கள் எண் mmol/L-ல் இருக்கும். அதை 18-ஆல் பெருக்கினால் ஜப்பானியர் பார்க்கும் எண் வரும்.) தேதிதான் ஏமாற்றும். நாம் 4/5 என்று எழுதினால் மே 4. அவர்களுக்கு அது ஏப்ரல் 5. ரிப்போர்ட்டைக் காட்டும் முன் மேலே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதிவையுங்கள்.

“சுகர் குறைஞ்சிருச்சு” என்ற வாக்கியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரையில் டாக்டரிடம் போய்வந்து அம்மா இதைச் சொன்னால் நல்ல செய்தி, கட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு மதியச் சாப்பாடு தாமதமாகி, கை நடுங்க உட்கார்ந்தபடி இதையே சொன்னால் அது ஆபத்து. தமிழில் குரலும் முகமும் வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஜப்பானியக் குறிப்பில் அதற்கு வழியில்லை. ‘கெத்தோச்சி குறைந்துவிட்டது’ என்று எழுதினால், நல்லதுதானே என்று அவர் நினைக்கலாம். நல்ல செய்தியைச் சொல்ல ‘மருந்தால் நிலையாக இருக்கிறது’ என்று எழுதுங்கள். ஆபத்தைச் சொல்ல ‘தேய்கெத்தோ’ என்று பெயர் வைத்தே எழுதுங்கள். அந்தப் பெயரைப் பார்த்தால் அவர் அசட்டையாக இருக்க மாட்டார்.

இனி 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று நம் ஊர் மருந்துக்கடைப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஜப்பானில் இப்படி எழுதும் வழக்கம் இல்லை. அங்கே மருந்து உறையில் ‘அசா’, ‘ஹிரு’, ‘யூ’ என்று காலை, பகல், மாலைக்கான எழுத்துகளே இருக்கும். உங்கள் சீட்டைப் பார்த்தால் அவருக்கு அது ஒரு குறியீட்டு எண்ணாகத் தோன்றும். அவர் இருக்கும் நேரத்தில் மாத்திரையே கிடையாது என்பதால், குறிப்பில் முக்கியமான வரி ‘மதிய மாத்திரை இல்லை’ என்பதுதான். மேசையில் அட்டை கிடக்கிறது, சாப்பாடு முடிந்தது, பெரியவர் மறந்துவிட்டாரோ என்று அக்கறையோடு எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். காலை, மாலை மாத்திரையை நீங்களே பார்த்துக்கொண்டு, அட்டைகளை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

மாத்திரைப் பெயரை எழுதும்போது அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயர் ஜப்பானில் யாருக்கும் தெரியாது. அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் எடுக்க வேண்டும். இதைச் செய்யும்போது ஒரு பெயர் இருக்கிறதா என்று அவசியம் தேடிப் பாருங்கள்: வோக்லிபோஸ். நம் ஊரில் கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது சாதாரணம். வோக்லிபோஸ் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. அங்கே உள்ள மருந்தாளுநர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் வேலை, சாப்பாட்டில் உள்ள மாவையும் சர்க்கரையையும் குடல் உடைப்பதைத் தாமதப்படுத்துவது. ஆகவே இந்த மருந்து போடுபவருக்கு லோ சுகர் வந்தால் சமையலறைச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாலும் அது வேகமாக ரத்தத்தில் சேராது. உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸைத்தான் கொடுக்க வேண்டும். ஜப்பானியத்தில் குளுக்கோஸுக்குப் பெயர் ‘புதோத்தோ’, திராட்சைச் சர்க்கரை என்று பொருள். அம்மாவின் மாத்திரையில் வோக்லிபோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறிப்பில் ‘சாத்தோ’ என்று எழுதாமல் ‘புதோத்தோ’ என்றே எழுதிவிடுங்கள். எல்லா மாத்திரைக்கும் அது பொருந்தும். மருந்துக்கடைகளில் வில்லையாகக் கிடைக்கும். வாங்கும்போது உறையில் `ブドウ糖` என்ற எழுத்தைப் பாருங்கள். பத்து கிராமுக்கு எத்தனை வில்லை என்று எண்ணி, பத்து பத்து கிராமாகச் சின்னப் பைகளில் போட்டு, ஒரு சிவப்பு டப்பாவில் சமையலறையில் வையுங்கள். பதற்றத்தில் யாரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

லோ சுகரில் இன்னொரு இடறல் உண்டு. உங்கள் அம்மாவுக்குக் கை நடுங்கினால் என்ன கேட்பார்? பெரும்பாலும் “ஒரு டீ போட்டுக் குடும்மா” என்பார். நம் வீட்டு டீ என்றால் பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்தது, குடித்ததும் தெளிந்துவிடும். அந்த உதவியாளருக்கும் ‘டீ’ என்பது புரியும். உடனே எழுந்துபோய் சூடாகப் பச்சைத் தேநீர் கொண்டுவருவார். அதில் ஒரு சிட்டிகை இனிப்புக்கூட இருக்காது. ஜப்பானில் ‘ஒச்சா’ என்றாலே சர்க்கரை போடாததுதான், பாட்டிலில் விற்பதும் அப்படியே. அதோடு, ‘சர்க்கரை நோய்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருப்பதால், பொறுப்பானவராக இருந்தால் இனிப்பை அம்மாவின் கைக்கு எட்டாமல்கூட வைப்பார். ஆகவே இந்த ஒரு வேளையில் இனிப்புதான் மருந்து, தேநீர் போதாது என்று குறிப்பில் வெளிப்படையாகவே எழுத வேண்டும்.

‘மயக்கம்’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சொல்லால் நான் ஒருமுறை ஒரு குடும்பத்துக்குச் சிரமம் கொடுத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளராக வேலை தொடங்கிய புதிதில் ஒரு மருத்துவமனையில் ஒரு பெரியவருக்காகப் பேசினேன். அவர் மகள், “அப்பாவுக்கு நேத்து ரெண்டு தடவை மயக்கம் வந்துச்சு” என்றார். நான் ‘கி ஓ உஷினாட்டா’ என்று சொன்னேன். நினைவிழந்தார் என்று அர்த்தம். மருத்துவரின் முகம் மாறிவிட்டது. எத்தனை நிமிடம், கீழே விழும்போது தலை அடிபட்டதா, கை கால் இழுத்ததா என்று கேள்விகள் வந்தன. மகள் புரியாமல் என்னைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்து, இரவு அங்கேயே தங்கவும் ஏற்பாடு ஆனது. மறுநாள் காலையில்தான் பெரியவரிடம் நேராக உட்கார்ந்து கேட்டேன். “இல்லப்பா, கட்டில்லருந்து எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும், சுவத்தப் புடிச்சிட்டு நிப்பேன், சரியாயிரும்” என்றார். அவர் ஒரு நொடிகூட நினைவிழக்கவில்லை. பிரஷர் மாத்திரையின் அளவை மாற்றியதும் அது நின்றுவிட்டது. அன்று முதல், ‘மயக்கம்’ என்று யார் சொன்னாலும் “விழுந்தாங்களா, கூப்பிட்டா பதில் சொன்னாங்களா?” என்று கேட்காமல் நான் மொழிபெயர்ப்பதில்லை.

தமிழில் “மயக்கமா வருது” என்றால் பெரும்பாலும் தலைசுற்றலும் தள்ளாட்டமும்தான். “மயங்கி விழுந்துட்டாங்க” என்றால்தான் நினைவு போனது. ஜப்பானியத்தில் தலைசுற்றலுக்கு ‘மெமாய்’, நிற்கும்போது தள்ளாடுவதற்கு ‘ஃபுராட்சுகி’. இந்த இரண்டில் எது வந்தாலும் உட்கார வைத்து உங்களைக் கூப்பிட்டால் போதும். ‘கி ஓ உஷினாவ்’, அதாவது நினைவிழப்பு என்றால் உடனே ஆம்புலன்ஸ். ஒரே தமிழ்ச் சொல்லுக்கு இப்படி இரண்டு வேறு செயல்கள் இருப்பதால், இவற்றைக் குறிப்பில் தனித்தனி வரியில் வையுங்கள்.

‘பார்க்கிறது’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். “சுகர் பாருங்க” என்று நாம் சொன்னால் ஊசி குத்திப் பார்ப்பது. ஜப்பானில் பராமரிப்புப் பணியாளர்கள் எதைச் செய்யலாம், எது மருத்துவச் செயல் என்று சுகாதார அமைச்சகம் வரையறுத்திருக்கிறது. 2005-ல் வந்த அறிவிப்பின்படி, தானியங்கிக் கருவியால் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்ப்பது அவர்கள் செய்யக்கூடியதுதான். 2022-ல் வந்த அறிவிப்பு, தோலில் ஒட்டியிருக்கும் சென்சார் கருவியின் சுகர் எண்ணை வாசிப்பதையும் சேர்த்தது. விரலில் ஊசி குத்துவது இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் உதவியாளர் ஒரு நிறுவனத்தின் வழியாக வருபவர் என்றால், “சுகர் பாருங்கள்” என்ற வரியைப் படித்ததும் நெளிவார். மறுக்கவும் கூச்சமாக இருக்கும், செய்யவும் முடியாது. அம்மாவே குத்திக்கொள்ளட்டும், உதவியாளர் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைக்கட்டும். குறிப்பில் அப்படியே எழுதினால் இருவருக்கும் நிம்மதி.

பிரஷருக்கு “ஜாஸ்தியானா சொல்லுங்க” என்று மட்டும் எழுதாதீர்கள். ஜாஸ்தி என்பது யாருக்கு எவ்வளவு? ஜப்பானில் வீட்டில் பார்க்கும் அளவுக்கு 135/85-ஐ உயர் அழுத்தத்தின் எல்லையாக வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை மனதில் வைத்திருப்பவருக்கு உங்கள் அம்மாவின் 140 கூடப் பெரிதாகத் தெரியலாம். எந்த எண்ணுக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும் என்பதை மதுரை டாக்டரிடம் கேட்டு, அந்த எண்ணையே எழுதுங்கள். அதை நான் சொல்லக் கூடாது. எண் கூடுதலாக வந்தால் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறி வந்ததும் பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும்.

சரி, இப்போது குறிப்புக்கு வருவோம். மூன்று தனிச் செய்திகளாக அனுப்புங்கள். முதலாவது, அன்றாடத்துக்கு:

```
母（71歳）のこと
高血圧症と2型糖尿病があります。薬で落ち着いています。
薬は朝と夕だけです。家族が見ます。昼の薬はありません。
昼食は12時半にお願いします。
遅れると低血糖になることがあります。
血糖値は母が自分で測ります。数字と時刻を書いてください。
上の血圧が〇〇以上なら、5分休んでもう一度測り、
私に電話をください。
```

இரண்டு நோய்களின் பெயர், அவை மருந்தால் நிலையாக இருப்பது, காலை மாலை மாத்திரையை வீட்டார் பார்த்துக்கொள்வது, மதிய மாத்திரை இல்லை என்பது, சாப்பாடு 12.30-க்கு, தாமதமானால் லோ சுகர் வரலாம் என்பது, சுகரை அம்மாவே பார்ப்பது எல்லாம் இதில் வந்துவிட்டன. வட்டங்கள் இருக்கும் இடத்தில் டாக்டர் சொன்ன எண்ணைப் போடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தைக் காரணத்தோடு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். காரணம் தெரியாவிட்டால், “அம்மா தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்” என்று மரியாதையாக ஒன்றரை மணி வரை காத்திருந்துவிடுவார்கள்.

இரண்டாவது, அவசரத்துக்கு. இதைக் காகிதத்தில் அச்செடுத்துச் சிவப்பு டப்பாவின் மூடியிலும் ஒட்டுங்கள்:

```
冷や汗、手のふるえ、動悸、急な空腹は低血糖かもしれません。
すぐにブドウ糖を10g（赤い箱の小袋1つ）食べさせてください。
お茶や砂糖ではなく、ブドウ糖をお願いします。
15分たってもよくならなければ、もう1袋。私に電話をください。
めまい・ふらつきの時は、座らせて、私に電話をください。
呼んでも答えない時は、口に何も入れず、すぐ119番。
```

முதல் வரியில் குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி என்று அறிகுறிகளை வைத்திருக்கிறேன். மீட்டர் எண்ணுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. நடுங்கும் கையால் அம்மா குத்திக்கொள்ள முடியாமல் போகலாம். அடுத்த வரிகள், தேநீரோ சர்க்கரையோ கொடுக்காமல் உடனே ஒரு பை குளுக்கோஸ் கொடுக்கவும், 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு பை கொடுத்து உங்களைக் கூப்பிடவும், தலைசுற்றினால் உட்கார வைத்துக் கூப்பிடவும் சொல்கின்றன. கூப்பிட்டால் பதில் வராவிட்டால் வாயில் எதுவும் போடாமல் உடனே 119 என்று சொல்லும் கடைசி வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள். அந்த நிலையில் வாயில் எதைப் போட்டாலும் மூச்சுக்குழாயில் போய்விடக்கூடும். நம் வீடுகளில் வாயைத் திறந்து சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இருப்பதால் உங்கள் கணவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். 119 என்பது ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் உள்ள எண். நம் ஊர் 108-ஐ அம்மா தவறிப்போய் அழுத்திவிடாமல் அவருக்கும் சொல்லுங்கள்.

மூன்றாவது, யாரும் யோசிக்காத திசையில். நாம் உதவியாளருக்கு எழுதுகிறோம். ஆனால் அந்த ஆறு மணி நேரமும் பேசப்போவது அம்மா, அதுவும் தமிழில். அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஐந்தாறு சொற்களை, காதில் விழும் ஒலியிலேயே கதகானா எழுத்தில் கொடுத்துவிடுங்கள்:

```
母がよく言う言葉
マヤッカム＝めまい、ふらつき
パダパダップ＝動悸
パシ＝おなかがすいた
シュガー＝血糖値・糖尿病（砂糖ではありません）
プレッシャー＝血圧（ストレスではありません）
ティー＝甘いミルクティー（緑茶ではありません）
```

மயக்கம், படபடப்பு, பசி, அப்புறம் உங்களைச் சிக்கலில் மாட்டிய சுகர், பிரஷர், டீ. அம்மா “பசிக்குது” என்று சொன்னாலும் ‘பசி’ என்ற பகுதி அவர் காதில் விழும். அம்மா வேறு சொல் பழக்கமுள்ளவராக இருந்தால், உதாரணத்துக்குப் படபடப்பு என்பதற்குப் பதிலாக “நெஞ்சு அடிச்சுக்குது” என்பவராக இருந்தால், அதை எழுதுங்கள். ஒரு நாள் அம்மா பேசுவதைக் கவனித்துக் கேட்டுவிட்டு இந்தப் பட்டியலைத் தொகுத்தால் சரியாக வரும்.

அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். உதவியாளர் அடுத்து வரும் நாளில் ஒரு பத்து நிமிடம் தாமதமாக வேலைக்குக் கிளம்புங்கள். அம்மாவை உட்கார வைத்து, மூன்றாவது செய்தியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அம்மாவே சொல்லட்டும். உதவியாளர் அதற்கு நேரான வரியைக் காட்டட்டும். “மயக்கம்” என்றதும் சிவப்பு டப்பாவைத் தேடுகிறாரா, அல்லது உட்கார வைக்கிறாரா என்று அங்கேயே தெரிந்துவிடும். “புரிந்ததா?” என்று மட்டும் கேட்டால் ஜப்பானியர் பெரும்பாலும் “ஹாய்” என்றே சொல்வார்கள். ‘நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் அதே சொல்தான். முதல்முறை நீங்கள் பார்த்த தலையாட்டல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மதுரை டாக்டர் வீடியோவில் பார்த்து மாத்திரையை மாற்றினாலோ, இங்கேயே ஒரு மருத்துவரிடம் போய்ப் புது மாத்திரை வாங்கினாலோ, அன்றைக்கே முதல் செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். குறிப்பாக மதிய வேளைக்கு ஏதாவது சேர்ந்திருந்தால், ‘மதிய மாத்திரை இல்லை’ என்ற பழைய வரி அவருடைய ஃபோனில் இன்னும் இருக்கும். புதுச் செய்தியின் தலைப்பில் தேதியைப் போட்டு, பழையதை அழிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.